மிகை மதிப்பு மட்டுமே உள்ள சார்புக்குத் தொகை 0 வருகிறது: (x²+1)/(x⁴+1), −1 முதல் 1 வரை

நெல்லை_பிளஸ்டூ

ஜேஇஇ மாதிரித் தாளில் வந்த கணக்கு இது. (x²+1)/(x⁴+1) என்ற சார்பை −1 முதல் 1 வரை தொகையிட வேண்டும். வகுப்பில் சொல்லிக்கொடுத்த வழியிலேயே போனேன்.

பகுதிக்கு மெய் மூலங்கள் கிடையாது. மேலும் கீழும் x²-ஆல் வகுத்தேன். பகுதி x² + 1/x² ஆகிறது. அதை முழு வர்க்கமாக்கினால்

x² + 1/x² = (x − 1/x)² + 2

t = x − 1/x என்று வைத்தால் dt = (1 + 1/x²) dx. தொகுதியும் அதேதான். ஆகவே

∫ dt/(t²+2) = (1/√2) tan⁻¹(t/√2)

இதுவரை எல்லாம் அழகாக வருகிறது. எல்லைகளை மாற்றும்போதுதான் இடிக்கிறது. x = 1 என்றால் t = 0. x = −1 என்றாலும் t = 0. மேல் எல்லையும் கீழ் எல்லையும் 0 என்பதால் விடை 0.

விடைத்தாளில் π/√2 என்று இருக்கிறது. சார்பு எங்கேயும் எதிர்மறை ஆகவில்லை, அதனால் 0 வரக்கூடாது என்பது புரிகிறது. ஆனால் எந்த வரியில் தவறு என்று பிடிபடவில்லை. பெருக்கல், வகைக்கெழு எல்லாம் சரிபார்த்துவிட்டேன்.

---

சர்க்யூட்காரன்

இந்த முழு வர்க்க வேலை எங்களுக்குத் தினமும் வருவது. பகுதி s² + 4s + 13 என்று வைத்துக்கொள்ளுங்கள். (s+2)² + 9 என்று எழுதியதும் விடை கண்ணிலேயே தெரியும்: (1/3) e^(−2t) sin 3t. 2 என்பது அலைவு எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்பதைச் சொல்லும், 3 என்பது அதிர்வெண்ணைச் சொல்லும். மெய் மூலம் இல்லை என்றால் அலைவு உண்டு, அவ்வளவுதான். tan⁻¹ எங்கேயும் வராது. உங்களுக்கு எப்படி அது வந்தது? சூத்திரத்தை மாற்றிப் போட்டுவிட்டீர்களோ?

---

அரைக்கோணம்

சர்க்யூட் அண்ணே, நீங்கள் சொல்வது லாப்லாஸ் நேர்மாறு. அவர் கேட்பது தொகை. இரண்டும் வேறு.

தம்பி, உன் கணக்கில் x = 0-ல் சார்பு வரையறுக்கப்படவில்லை. அதனால் இது முறையற்ற தொகை. அப்படிப்பட்டதை −1-லிருந்து 1-க்கு ஒரே தாவலில் போகக்கூடாது, 0-ல் உடைக்க வேண்டும். சார்பு இரட்டைச் சார்பு என்பதால் 0 முதல் 1 வரை கண்டுபிடித்து இரண்டால் பெருக்கினால் போதும். x வலப்பக்கத்திலிருந்து 0-ஐ நெருங்கும்போது t கீழே −∞ வரை போகும். x = 1-ல் t = 0. எனவே

2 × (1/√2) × [0 − (−π/2)] = π/√2

விடை வந்துவிட்டது. முடிந்தது.

---

நெல்லை_பிளஸ்டூ

விடை சரியாக வருகிறது அண்ணா, நன்றி. ஆனால் சார்பு 0-ல் வரையறுக்கப்படவில்லை என்கிறீர்களே, x = 0 போட்டால் (0+1)/(0+1) = 1 தானே? அங்கே எந்தச் சிக்கலும் இல்லையே.

---

யாழ்_தொகையீடு

தம்பி கேட்டதுதான் இங்கே மையமான கேள்வி. அரைக்கோணம் சொன்ன மருந்து சரி, சொன்ன நோய் பிழை.

சார்பு 0-ல் மட்டுமல்ல, மெய்க்கோடு முழுவதும் ஒழுங்காகவே இருக்கிறது. பகுதிக்கு மெய் மூலம் இல்லை என்றால் அது எங்கேயும் வெடிக்காது. எனவே இது முறையற்ற தொகையே அல்ல. பழுது நீங்கள் செய்த முதல் காரியத்தில் இருக்கிறது: மேலும் கீழும் x²-ஆல் வகுத்தது. அந்த ஒரு அடியில் x = 0 என்ற புள்ளி கணக்கிலிருந்து வெளியே போய்விட்டது. நல்லதொரு சார்புக்கு நாமே ஒரு ஓட்டை போட்டுவிட்டு, பிறகு அதைத் தாண்டிக் குதிக்கிறோம்.

தொகுத்து வந்த விடையை x-இல் திருப்பி எழுதிப் பாருங்கோ:

F(x) = (1/√2) tan⁻¹( (x²−1)/(√2 x) )

x இடப்பக்கத்திலிருந்து 0-ஐ நெருங்கட்டும். தொகுதி −1-ஐ நெருங்குகிறது, பகுதி சிறிய எதிர்மறை எண். விகிதம் +∞ நோக்கிப் போகிறது, tan⁻¹ ஆனது π/2 ஆகிறது. வலப்பக்கத்திலிருந்து வந்தால் அதே விகிதம் −∞ நோக்கிப் போய் −π/2 கிடைக்கிறது. ஆக F ஆனது 0-ஐக் கடக்கும் அந்தக் கணத்தில் (1/√2)·π அளவு கீழே விழுகிறது. இந்த π/√2 தான் உங்களுக்குக் காணாமல் போன விடை. −1-லிருந்து 0 வரை F ஏறுகிறது, 0-ல் முழுதாக விழுகிறது, 0-லிருந்து 1 வரை மறுபடி ஏறுகிறது. ஏறியதும் விழுந்ததும் சமம் என்பதால் 0 வந்தது.

F(1) − F(−1) என்று கழித்து விடை சொல்லும் தேற்றத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: F அந்த இடைவெளி முழுவதும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஒவ்வொரு புள்ளியிலும் அதன் வகைக்கெழு நம் சார்பாக இருக்க வேண்டும். இங்கே 0-ஐத் தவிர மற்ற எல்லா இடத்திலும் வகைக்கெழு சரிதான். ஆகவேதான் நீங்கள் எத்தனை தரம் வகையிட்டுச் சரிபார்த்தாலும் பிழை பிடிபடாது.

---

சர்க்யூட்காரன்

சரி, கேள்வியை நான்தான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். இருந்தாலும் என் பகுதியையே சும்மா தொகையிட்டால் என்ன வரும்? 1/(s² + 4s + 13)?

---

யாழ்_தொகையீடு

(1/3) tan⁻¹((s+2)/3). வர்க்கத்துக்குள் இருந்த s+2 மேலே வந்துவிட்டது, 9-இன் வர்க்கமூலம் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

உங்கள் பக்கத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்த விடையை s = 0 முதல் ∞ வரை எடுத்தால் (1/3)(π/2 − tan⁻¹(2/3)), அதாவது (1/3) tan⁻¹(3/2). உங்களுடைய (1/3) e^(−2t) sin 3t-ஐ t-ஆல் வகுத்து 0 முதல் ∞ வரை தொகையிட்டாலும் இதே எண் வரும். ஆகவே உங்கள் துறையிலும் tan⁻¹ ஒளிந்துதான் இருக்கிறது. தம்பியின் கணக்குக்குத் திரும்புவோம்.

---

அரைக்கோணம்

சரி மாஸ்டர், முறையற்ற தொகை என்று சொன்னது தப்பு. அப்படியானால் 0-ல் தாவாத ஒரு வடிவம் தருகிறேன். tan⁻¹(−1/w) என்பதும் tan⁻¹(w) என்பதும் ஒரு மாறிலியால்தான் வேறுபடும். எனவே உள்ளே இருப்பதைத் தலைகீழாக்கி

G(x) = (1/√2) tan⁻¹( √2 x/(1−x²) )

என்று எழுதலாம். x = 0-ல் இது 0, சிக்கலே இல்லை. x, 1-ஐ நெருங்கும்போது π/2, −1-ஐ நெருங்கும்போது −π/2. கழித்தால் நேரடியாக π/√2. உடைக்கவே வேண்டாம். இனி எல்லோரும் இந்த வடிவத்தையே மனப்பாடம் செய்யலாம்.

---

யாழ்_தொகையீடு

−1 முதல் 1 வரை மட்டும் என்றால் இது வேலை செய்யும். −2 முதல் 2 வரை போட்டுப் பாருங்கோ.

---

நெல்லை_பிளஸ்டூ

நான் போட்டுப் பார்த்தேன் சார். x = 2-ல் உள்ளே 2√2/(−3). அதாவது −0.9428. tan⁻¹ எடுத்தால் −0.756. −2-ல் +0.756. கழித்து √2-ஆல் வகுத்தால் சுமார் −1.07. இப்போது எதிர்மறையாகவே வந்துவிட்டது!

---

முல்லைக்கொடி

தாவல் 0-லிருந்து ±1-க்கு இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். 1-இல் ஒரு முறையும் −1-இல் ஒரு முறையும் தாவுகிறது. ஒவ்வொன்றிலும் π/√2 விழுகிறது. எனவே −1.07-உடன் இரண்டு π/√2, அதாவது 4.443 சேர்த்தால் 3.37 வரும். அதுதான் உண்மையான விடை.

நான் ஒரு பயிற்சி மையத்தில் கணிதம் எடுக்கிறேன். மாணவர்களுக்கு t = x − 1/x என்ற வழியை நானும்தான் சொல்லித்தருகிறேன், ஏனென்றால் நேரம் மிச்சமாகிறது. ஆனால் எல்லை 0-ஐக் கடந்தால் அதைத் தொடாதே என்றும் சேர்த்தே சொல்கிறேன்.

வேறு வழி, தாவாத வழி, ஒன்று இருக்கிறது. அதிலும் முழு வர்க்கமாக்கல்தான், ஆனால் நடு உறுப்பை வேறு மாதிரி நிரப்புகிறோம். x⁴ + 1-உடன் 2x² சேர்த்துக் கழியுங்கள்:

x⁴ + 1 = (x² + 1)² − 2x²

இது இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம். ஆகவே

x⁴ + 1 = (x² + √2x + 1)(x² − √2x + 1)

இரண்டு இருபடிகளுக்கும் தன்மைகாட்டி 2 − 4 = −2. மெய் மூலம் இல்லை, இருக்கவும் கூடாது. இப்போது தொகுதியைப் பாருங்கள். இந்த இரண்டு காரணிகளையும் கூட்டினால் 2x² + 2, அதாவது நம் தொகுதியின் இரண்டு மடங்கு. அதனால் பகுதிப் பின்னத்துக்கு A, B, C, D என்று நான்கு தெரியாத எண்களை வைத்து மல்லுக்கட்டத் தேவையே இல்லை:

(x²+1)/(x⁴+1) = ½ [ 1/(x² − √2x + 1) + 1/(x² + √2x + 1) ]

மீதியைத் தம்பியே முடிக்கட்டும்.

---

நெல்லை_பிளஸ்டூ

முயற்சி செய்கிறேன் அக்கா.

x² − √2x + 1: x-இன் கெழுவில் பாதி 1/√2, அதன் வர்க்கம் ½. எனவே (x − 1/√2)² + ½. இதில் a² = ½, a = 1/√2. ஆகவே

∫ dx/(x² − √2x + 1) = √2 tan⁻¹( √2 (x − 1/√2) ) = √2 tan⁻¹(√2x − 1)

மற்றதுக்கு √2 tan⁻¹(√2x + 1). பாதியாக்கிக் கூட்டினால்

H(x) = (1/√2) [ tan⁻¹(√2x − 1) + tan⁻¹(√2x + 1) ]

x = 1-ல் tan⁻¹(√2 − 1) = π/8, tan⁻¹(√2 + 1) = 3π/8. கூட்டினால் π/2. x = −1-ல் −π/2. கழித்தால் π, √2-ஆல் வகுத்தால் π/√2!

2-லும் போட்டேன். tan⁻¹(1.8284) = 1.0703, tan⁻¹(3.8284) = 1.3153. கூடுதல் 2.3856, அதை √2-ஆல் பெருக்கினால் 3.374. அக்கா சொன்ன எண்ணே வருகிறது. ஆனால் ஒரு சந்தேகம்: H-உம் F-உம் ஒரே சார்புக்கு வந்த விடைகள்தானே? ஒன்று தாவுகிறது, ஒன்று தாவவில்லை. எப்படி?

---

யாழ்_தொகையீடு

மிக நல்ல கேள்வி. tan⁻¹-க்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கோ. H-இல் இரண்டு இடத்திலும் உள்ளே இருப்பது ஒரு நேர்கோடு: √2x − 1, √2x + 1. நேர்கோட்டுக்குப் பகுதி என்று எதுவும் இல்லை, எனவே முடிவிலிக்கு ஓட வழியில்லை. F-இலும் G-இலும் உள்ளே இருப்பது ஒரு பின்னம். அந்தப் பின்னத்தின் பகுதி பூச்சியமாகும் இடத்தில், F-க்கு x = 0, G-க்கு x = ±1, தாவல் வருகிறது.

இனி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எப்படி வருகிறோம் என்பதையும் பார்ப்போம். tan(A+B) சூத்திரத்தில் A-இன் டேன்ஜன்டை √2x − 1 என்றும் B-இன் டேன்ஜன்டை √2x + 1 என்றும் வையுங்கோ. கூட்டினால் 2√2x. பெருக்கினால் 2x² − 1, அதை 1-இலிருந்து கழித்தால் 2 − 2x². எனவே tan(A+B) = √2x/(1 − x²). இதுதான் அரைக்கோணம் தந்த வடிவத்தின் உள்ளே இருப்பது.

ஆனால் A + B என்பது −π-க்கும் π-க்கும் இடையில் எங்கும் இருக்கக்கூடியது. tan⁻¹ தருவதோ −π/2-க்கும் π/2-க்கும் இடையில் மட்டும். x, 1-ஐத் தாண்டியதும் A + B ஆனது π/2-ஐத் தாண்டிவிடுகிறது. tan⁻¹ அதைக் காட்ட முடியாமல் π-ஐக் கழித்துத் தருகிறது. இரண்டு tan⁻¹-ஐ ஒன்றாகச் சேர்த்த அந்த இடத்தில்தான் தகவல் தொலைகிறது. பாடப்புத்தகத்தில் tan⁻¹ u + tan⁻¹ v சூத்திரத்துக்குப் பக்கத்தில் uv < 1 என்று போட்டிருப்பது இதற்காகத்தான். இங்கே uv = 2x² − 1, அது 1-ஐ விடச் சிறிதாக இருப்பது x² < 1 என்றால் மட்டும்.

F-க்கும் H-க்கும் உள்ள உறவும் அப்படியே. x > 0 பக்கத்தில் F = H − π/(2√2). x < 0 பக்கத்தில் F = H + π/(2√2). தொகையீட்டு மாறிலி C ஒன்று என்று எழுதுகிறோமே, அது ஒரே துண்டான இடைவெளியில்தான் ஒன்று. 0-ஐ நீக்கிவிட்டால் கோடு இரண்டு துண்டாகிறது, ஒவ்வொரு துண்டுக்கும் தனி C வந்துவிடுகிறது.

---

அரைக்கோணம்

ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் விதியை இப்படிச் சொல்லலாமா: பகுதிக்கு மெய் மூலம் இல்லை என்றால் விடை tan⁻¹-களின் கூட்டல், ஒவ்வொன்றுக்குள்ளும் நேர்கோடு. அப்படி எழுதினால் தாவல் வராது.

---

முல்லைக்கொடி

பாதி. tan⁻¹ மட்டும் வரும் என்று சொல்ல முடியாது. தொகுதியில் ஒரு குறியை மாற்றிப் பாருங்கள்: (x² − 1)/(x⁴ + 1). பகுதி அதே பகுதி, மெய் மூலம் இல்லை. இப்போது t = x + 1/x. பகுதி t² − 2 ஆகிறது. கூட்டலுக்குப் பதிலாகக் கழித்தல் வந்துவிட்டதால் tan⁻¹ போய் மடக்கை வருகிறது:

(1/(2√2)) ln[ (x² − √2x + 1)/(x² + √2x + 1) ]

மடக்கைக்குள் இருக்கும் இரண்டு இருபடிகளும் எப்போதும் மிகை என்பதால் இந்த வடிவத்தில் தாவல் இல்லை. t வழியாக வந்தாலும், x-இல் எழுதிச் சுருக்கியபின் 0-இல் எந்தப் பிரச்சினையும் மிஞ்சாது. tan⁻¹-க்குத்தான் இந்தத் தொல்லை.

இரண்டையும் கழித்துப் பாதியாக்கினால் 1/(x⁴ + 1)-இன் தொகை கிடைத்துவிடும், அதில் மடக்கையும் உண்டு, tan⁻¹-உம் உண்டு. இந்த ஒரு கணக்குக்கு ஒரு வரலாறு இருக்கிறது. x⁴ + a⁴-ஐ மெய்யெண் கெழுக்கள் கொண்ட இருபடிகளாகப் பிரிக்க முடியாது என்று 1702-இல் லைப்னிட்ஸ் எழுதினார். அதனால் 1/(x⁴ + a⁴)-இன் தொகையை மடக்கையாலும் வட்டக் கோணத்தாலும் மட்டும் எழுத முடியாது என்று நினைத்தார். i-இன் வர்க்கமூலம் அவர் கணக்கில் வந்து நின்றது. அதை மறுபடி a + bi வடிவில் எழுதலாம் என்பதை அவர் பார்க்கவில்லை. 1719-இல் நிக்கோலாஸ் பெர்னூலி (x² + a²)² − 2a²x² என்று எழுதிக் காட்டினார். நாம் மேலே செய்த அதே ஒரு வரிதான்.

எனக்கு இது மிகவும் பிடித்த இடம். நுண்கணிதத்தைக் கண்டுபிடித்தவரே நின்ற இடத்தை, 2x² சேர்த்துக் கழிப்பது திறந்துவிட்டது.

---

நெல்லை_பிளஸ்டூ

தேர்வில் இந்த மாதிரித் தாவல் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த முறை 0 வந்ததால் சந்தேகம் வந்தது. வேறு ஏதாவது மிகை எண் தப்பாக வந்திருந்தால் நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

---

யாழ்_தொகையீடு

இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, விடையில் tan⁻¹-க்குள் பின்னம் இருந்தால் அதன் பகுதியைப் பூச்சியமாக்கும் x, எல்லைகளுக்கு நடுவில் வருகிறதா என்று பார்ப்பது. ஐந்து விநாடி வேலை.

மற்றது, விடை எந்த அளவில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே பார்ப்பது. உங்கள் கணக்கில் −1-க்கும் 1-க்கும் இடையில் x⁴ ஆனது x²-ஐ விடப் பெரிதாகாது. எனவே சார்பு 1-க்குக் கீழே இறங்காது. இடைவெளியின் நீளம் 2. ஆகவே விடை 2-க்குக் குறையாது. சிம்சன் விதியை நான்கு பகுதியாகப் போட்டுப் பாருங்கோ. ±1-இலும் 0-இலும் சார்பு 1, ±0.5-இல் 1.25/1.0625 = 1.1765.

(0.5/3)(1 + 4×1.1765 + 2×1 + 4×1.1765 + 1) ≈ 2.235

π/√2 என்பது 2.2214. கையால் போட்ட கணக்குக்கு இவ்வளவு நெருக்கம் போதும். நான் உயர்தர வகுப்பில் வரையறுத்த தொகையீட்டுக்கு இந்தப் பருமட்டுக் கணிப்பை விடைக்குக் கீழே எழுதச் சொல்வேன்.

---

அரைக்கோணம்

வரையறாத தொகையாகக் கேட்டால் என்ன செய்வது? (1/√2) tan⁻¹((x²−1)/(√2x)) + C என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்குமா?

---

முல்லைக்கொடி

கிடைக்கும், கிடைக்கவும் வேண்டும். வகையிட்டால் சார்பு திரும்ப வருகிறது. கேள்வியில் இடைவெளி எதுவும் சொல்லவில்லை. பெரும்பாலான விடைக்குறிப்புகளில் இருப்பதே இந்த வடிவம்தான்.

---

யாழ்_தொகையீடு

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. கேட்கப்பட்ட சார்பு மெய்க்கோடு முழுவதும் தொடர்ச்சியானது. அதற்குக் கோடு முழுவதும் செல்லுபடியாகும் எதிர்வகையீடு நிச்சயம் உண்டு. x = 0-ஐ விட்டுவிட்ட ஒன்றைக் கொடுத்து "+ C" போடுவது, கேட்டதை விடக் குறைவாகக் கொடுப்பது. குறைந்தது "x ≠ 0" என்றாவது பக்கத்தில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நான் ஒரு புள்ளி குறைப்பேன்.

---

முல்லைக்கொடி

மாஸ்டர், அப்படியானால் 1/x-க்கு ln|x| + C என்று எழுதும் பிள்ளைக்கும் குறைக்க வேண்டும். அங்கேயும் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி C தானே?

---

யாழ்_தொகையீடு

1/x-க்கு 0-இல் மதிப்பே இல்லை. அந்த ஓட்டை சார்பினுடையது. இங்கே ஓட்டை நாங்கள் போட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

---

முல்லைக்கொடி

வித்தியாசம் புரிகிறது. ஆனாலும் மூன்று நிமிடத்தில் ஒரு கணக்கை முடிக்க வேண்டிய பிள்ளையிடம் மதிப்பெண் குறைக்க எனக்கு மனம் வராது. வரையறுத்த தொகையில் தப்பினால் குறைப்பேன், அங்கே எண்ணே தப்பாகிவிடுகிறது.

---

சர்க்யூட்காரன்

படித்துக்கொண்டே வந்ததில் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஆறாம் படி, எட்டாம் படி என்று பகுதி போனால்? ஒவ்வொரு இருபடிக்கும் ஒரு tan⁻¹ என்று எழுதிவிட முடியுமா?

---

யாழ்_தொகையீடு

கொள்கையளவில் முடியும். மெய்யெண் கெழுக்கள் கொண்ட எந்தப் பல்லுறுப்பும் மெய் ஒருபடி, இருபடிக் காரணிகளாகப் பிரியும். மெய் மூலம் இல்லாவிட்டால் இருபடிகள் மட்டும். காரணிகள் திரும்பத் திரும்ப வராதவரை, ஒவ்வொன்றும் ஒரு மடக்கையும் நேர்கோட்டை உள்ளே கொண்ட ஒரு tan⁻¹-உம் தரும். ஆனால் அந்த இருபடிகளைக் கையால் கண்டுபிடிப்பது என்பது வேறு விஷயம். x⁴ + 1-க்கு 2x² சேர்த்தால் வழி திறந்தது. பொதுவான ஆறாம் படிக்கு அப்படி ஒரு வசதி கிடைக்காது, மூலங்களை எண்ணளவில்தான் காண வேண்டிவரும்.

---

நெல்லை_பிளஸ்டூ

நானே ஒன்று போட்டுப் பார்த்தேன். (x²+1)/(x⁴ + x² + 1), அதே −1 முதல் 1 வரை. t வழியில் போனால் பகுதி t² + 3, மறுபடி 0. அக்கா வழியில் போனால்

x⁴ + x² + 1 = (x² + 1)² − x² = (x² + x + 1)(x² − x + 1)

முழு வர்க்கமாக்கினால் (x ± ½)² + ¾. விடை (1/√3)[tan⁻¹((2x+1)/√3) + tan⁻¹((2x−1)/√3)]. x = 1-ல் π/3 + π/6 = π/2. மொத்தம் π/√3, அதாவது 1.814. சார்பு 0-ல் 1, ±1-ல் 2/3. எனவே விடை 4/3-க்கும் 2-க்கும் நடுவில் இருக்க வேண்டும், இருக்கிறது. தாவலின் அளவும் π/√3 தான்.

அடுத்து x⁴ + 3x² + 1 எடுத்தேன், மாட்டிக்கொண்டேன். t வழியில் t² + 5 வருகிறது. அதனால் விடை π/√5 ஆக இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஆனால் (x² + 1)² + x² என்று கூட்டலாக வருகிறது. வர்க்கங்களின் வித்தியாசம் கிடைக்கவில்லை. இதைப் பிரிக்கவே முடியாதா?

---

முல்லைக்கொடி

முடியும். ஊகமும் சரி. இங்கே நடு உறுப்பைச் சேர்க்காதே, x²-ஐயே ஒரு மாறியாக எடுத்துக்கொண்டு நிரப்பு: (x² + 3/2)² − 5/4. இப்போது வித்தியாசம் கிடைத்துவிட்டது. இரண்டு காரணிகளிலும் x உறுப்பே இருக்காது, அதனால் மறுபடி நிரப்ப எதுவும் இல்லை, நேராக tan⁻¹ எழுதலாம். (3 + √5)/2-இன் வர்க்கமூலம் (1 + √5)/2 என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். இல்லாவிட்டால் மூலக்குறிக்குள் மூலக்குறி வந்து மிரட்டும். முடித்ததும் இங்கே போடு, x = 1-இல் அந்த இரண்டு கோணங்களும் சேர்ந்து என்ன ஆகின்றன என்று பார்க்க வேண்டும்.